வலி இல்லாத ஒரு அண்ண வீக்கம்: ரேடிகுலர் சிஸ்ட் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 26 வயது, ஆண். வேறு நோய் இல்லை, மருந்து எதுவும் எடுப்பதில்லை. மேலண்ணத்தின் வலது பக்கத்தில், முன்பற்களுக்குப் பின்னால் ஒரு வீக்கம் இருப்பதாகவும், நாக்கு அடிக்கடி அங்கேயே போய் இடிப்பதாகவும் சொல்லி வந்தார். வலி இல்லை. சில மாதங்களாக மெல்லப் பெரிதாகிறது, அவ்வளவுதான். முன்பல்லில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டபோதுதான், பள்ளி நாட்களில் சைக்கிளில் இருந்து விழுந்தது அவர் நினைவுக்கு வந்தது. அப்போது பல் கொஞ்சம் ஆடியது, பிறகு தானாகவே சரியாகிவிட்டது என்றார். பல் மருத்துவரிடம் அப்போது போகவில்லை.

வாயைத் திறந்து பார்த்தால், வலது மேல் பக்க வெட்டுப்பல் மட்டும் மற்ற பற்களைவிடக் கருமை தட்டியிருந்தது. சொத்தை இல்லை, உடையவும் இல்லை. பற்களை இனி எண்ணிலேயே சொல்கிறேன்: வலது மேல் நடு வெட்டுப்பல் 11, அதன் அடுத்த பக்க வெட்டுப்பல் 12, கோரைப்பல் 13. மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது 12-க்கு மேலே ஈறும் உதடும் சேரும் பள்ளம் நிரவிப்போயிருந்தது. அங்கே விரலால் அழுத்தினால், எலும்பு முட்டை ஓடு போல மெல்ல நொறுங்கும் உணர்வு கிடைத்தது. அண்ணத்துப் பக்க வீக்கமோ அமுங்கி எழுந்தது, அதாவது அங்கே எலும்பே இல்லை. 12-இன் வேர்நுனி பொதுவாக அண்ணத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால்தான் இந்தப் பல்லின் சீழும் கட்டியும் உதட்டுப் பக்கம் வராமல் அண்ணத்தில் வீங்குவதைப் பலமுறை பார்க்கிறோம்.

எக்ஸ்ரே எடுக்கும் முன் பற்களுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதித்தோம். இந்த வரிசை எனக்கு முக்கியம். எக்ஸ்ரேயில் கருப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டால், அதைத் தொடும் எல்லாப் பல்லும் கெட்டுப்போனது போலவே மனதுக்குத் தோன்றத் தொடங்கும். முதலில் இடது பக்கப் பற்களில் குளிர் ஸ்ப்ரே நனைத்த பஞ்சை வைத்து, அவருக்கு இயல்பாக எவ்வளவு நேரத்தில் கூச்சம் வருகிறது என்று தெரிந்துகொண்டோம். பிறகு வலது பக்கம். 12-இல் எந்த உணர்வும் இல்லை. மின்சோதனைக் கருவியை உச்ச அளவுக்குக் கொண்டுபோயும் இல்லை. 13 இயல்பாகக் கூசியது. 11 கூசியது, ஆனால் தாமதமாக. பக்கத்துக் கட்டியின் அழுத்தம் நரம்பை நெருக்கும்போது உயிருள்ள பல்லும் இப்படித் தயங்கிப் பதில் சொல்லும். சில சமயம் பதிலே சொல்லாமலும் இருந்து, கட்டியை எடுத்த பிறகு உணர்வு திரும்பியதுண்டு. ஆகவே 11-ஐ உயிருள்ள பல்லாகவே கணக்கில் வைத்தோம்.

அடிபட்டபோது 12-இன் வேர்நுனியில் இரத்தக்குழாய் அறுந்து பல்கூழ் செத்திருக்க வேண்டும். செத்த கூழில் கிருமி குடியேறி, அதன் நஞ்சு வேர்நுனி வழியாகக் கசிந்து, முதலில் கிரானுலோமா என்ற அழற்சித் திசு உருவாகிறது. பல் வளர்ந்த காலத்தில் வேரைச் சுற்றி மிஞ்சிப்போன மலாசெஸ் செல்கள் அந்த இடத்தில் உறங்கிக்கொண்டிருக்கும். அழற்சி அவற்றைத் தூண்டிவிட, அவை பெருகி ஒரு பையாகின்றன. பைக்குள் செத்து உதிரும் செல்கள் நீரை உள்ளே இழுக்கின்றன. பை உப்ப உப்ப, பையின் சுவரில் சுரக்கும் வேதிப்பொருள்கள் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கின்றன. தாடையில் வரும் நீர்க்கட்டிகளில் பாதிக்கு மேல் இந்த ரேடிகுலர் சிஸ்ட்தான். செத்த பல் இல்லாமல் இது உருவாகாது. நோயைக் கண்டுபிடிக்கிற வேலை முழுவதும் இந்த ஒரு உண்மையில்தான் நிற்கிறது.

எக்ஸ்ரேயில் தெரிந்தது

முதலில் சின்ன ஃபிலிம், அதாவது ஐஓபிஏ. 12-இன் வேர்நுனியைச் சுற்றி கருப்பு, அதன் கீழ் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு. மேல் விளிம்பு ஃபிலிமுக்கு வெளியே போய்விட்டது. அடுத்து இரண்டு தாடைகளும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எடுத்தோம். கீழ்த்தாடைக்கு ஓபிஜி நல்ல படம், ஆனால் மேல் முன்பற்களில் கழுத்தெலும்பின் நிழல் விழுந்து மங்கலாக்கிவிடும். அதை மட்டும் வைத்து இந்த இடத்துக் கட்டியை அளக்கக் கூடாது. பெரிய கட்டி என்று தெரிந்ததும் முப்பரிமாண எக்ஸ்ரேயான சிபிசிடி எடுத்தோம்: அகலம் 27 மி.மீ., உயரம் 21 மி.மீ., முன்பின் ஆழம் 18 மி.மீ. அண்ணத்துப் பக்க எலும்பில் ஓட்டை விழுந்திருந்தது. உதட்டுப் பக்க எலும்பு தாள் போல் மெலிந்தும், மூக்கின் தரை மேலே தள்ளப்பட்டும் இருந்தன, ஆனால் இரண்டும் உடையவில்லை. 11, 13 இரண்டின் வேர்களும் விலகியிருந்தன, ஓபிஜியில் அவை கட்டிக்குள்ளேயே நிற்பது போல் தெரிந்தது.

இங்கே பார்க்க வேண்டிய கோடு ஒன்று உண்டு. ஒவ்வொரு வேரையும் சுற்றி எக்ஸ்ரேயில் லாமினா டியூரா என்ற மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். வேர் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியின் சுவர் அது. 13-இன் கோட்டைக் கழுத்தில் இருந்து நுனி வரை பின்தொடர்ந்தால் அறுபடாமல் திரும்பி வந்தது. 11-இலும் அப்படியே, நுனியில் மெலிந்திருந்தாலும் இருந்தது. 12-இல் மட்டும் அந்தக் கோடு வேரோடு பாதி தூரம் வந்து, நுனியை அடையும் முன் வெளியே திரும்பி, கட்டியின் விளிம்பாகவே மாறிப் போனது. கட்டி எந்தப் பல்லுக்குச் சொந்தம் என்று படத்தில் சொல்வது அந்தத் திருப்பம்தான். கட்டி மெதுவாக வளர்ந்ததால், எலும்பு அதைச் சுற்றி வெள்ளை வரம்பு கட்ட நேரம் கிடைத்திருக்கிறது. கட்டியில் சீழ் பிடித்தால் அந்த வரம்பு மங்கிவிடும். வரம்பு மங்கியதைப் பார்த்ததும் புற்றுநோயோ என்று பதறுவதற்கு முன், சமீபத்தில் வலியும் வீக்கமும் வந்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் படம் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாது. வேர்நுனியில் தெரியும் கருப்பு வெறும் கிரானுலோமாவா, நீர்க்கட்டியா? ஒரு செ.மீ.க்கு மேல் போனால் நீர்க்கட்டியாக இருக்கும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான் சொல்லலாம். 1996-இல் நாயரும் உடன் ஆய்வாளர்களும் வேரோடு எடுத்த 256 வேர்நுனிப் புண்களைத் தொடர்ச்சியாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதில் 15 சதவீதம் மட்டுமே சிஸ்ட். அதிலும் ஒரு பகுதி, பை வேர்க் கால்வாயோடு திறந்தே இருக்கும் வகை. ரூட் கெனால் சிகிச்சையில் கிருமி ஒழிந்தால் அந்த வகை ஆறக்கூடும். முழுதாக மூடிய பை தனக்கென்று தனி வாழ்க்கை தேடிக்கொண்டது, ரூட் கெனால் மட்டும் செய்தால் அடங்காமல் போகலாம். சின்னதாக இருந்தால் எந்த வகை என்று தெரியாமலேயே ரூட் கெனால் செய்துவிட்டுக் காத்திருப்பதுதான் சரியான வழி. பெரும்பாலானவை ஆறிவிடும். 27 மி.மீ. கட்டியை அப்படி விட முடியாது.

வேறு என்னவாக இருக்கலாம்

கோரைப்பல்லுக்கும் பக்க வெட்டுப்பல்லுக்கும் நடுவில், மேலே அகன்று கீழே குறுகி வரும் இப்படிப்பட்ட கட்டியைப் பழைய நூல்களில் குளோபுலோமாக்சிலரி சிஸ்ட் என்று தனிப் பெயரிட்டு, முகம் உருவாகும்போது எலும்புகள் சேரும் கோட்டில் சிக்கிய செல்களில் இருந்து பிறப்பது என்றார்கள். அந்தக் கருத்தை இப்போது கைவிட்டாயிற்று. அந்தப் பெயரில் எழுதப்பட்டவற்றில் பல, 12-இல் பிறந்த ரேடிகுலர் சிஸ்ட்தான். மற்றவற்றில் கெரட்டோசிஸ்ட் என்ற வேறொரு நீர்க்கட்டியும் இருந்தது. ஆகவே பெயரை விட்டாலும் எச்சரிக்கையை விடக் கூடாது: அந்த இடத்தில் 12 உயிரோடு இருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும்.

கட்டி நடுக்கோட்டை நெருங்கியிருந்ததால் நேசோபேலடைன் டக்ட் சிஸ்ட்டையும் யோசித்தோம். அது இரண்டு நடு வெட்டுப்பற்களின் வேர்களுக்கு நடுவே உட்காரும். மூக்கு முள்ளின் நிழல் மேலே படிவதால் சில சமயம் இதய வடிவில் தெரியும், பற்கள் உயிரோடு இருக்கும். இந்த இடத்தில் இயல்பாகவே ஒரு எலும்புத் துளை உண்டு. 6 மி.மீ. வரை அது இயல்பே. அந்தத் துளையின் நிழல் 11-இன் வேர்நுனி மேல் விழுந்தால் வேர்நுனி நோய் போலத் தோன்றும். எக்ஸ்ரே குழலைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தால், துளை வேர்நுனியை விட்டு விலகிவிடும். உண்மையான வேர்நுனி நோய் வேரை விடாது. அந்த ஒரு படம் எடுக்காமல் நல்ல முன்பல்லுக்கு ரூட் கெனால் செய்துவிட்டு வருபவர்களைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது. கீழ் முன்பற்களில் இதே பொறி வேறு வடிவில் உண்டு. எலும்புக்குப் பதில் வேறு திசு வந்து நிற்கும் சிமென்டோ ஆஸ்யஸ் டிஸ்பிளேசியா தன் முதல் கட்டத்தில் வேர்நுனிகளில் கருப்பாகத்தான் தெரியும், பற்கள் எல்லாம் உயிரோடு இருக்கும், எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது.

கெரட்டோசிஸ்ட் வேறு மாதிரி. அதற்குப் பிடித்த இடம் கீழ்த்தாடையின் பின்பகுதி. ரேடிகுலர் சிஸ்ட் எலும்பைப் பக்கவாட்டில் உப்பச் செய்யும். கெரட்டோசிஸ்ட்டோ எலும்பின் உட்பகுதியை நீளவாக்கில் தின்றுகொண்டே போகும், வெளியே வீக்கம் பெரிதாகத் தெரியாது. அப்புறம் அதன் சுவர் மெல்லியது, கிழியும், கிழிந்த துண்டும் அருகில் உள்ள துணைப் பைகளும் மிஞ்சினால் மறுபடி வளரும். இந்த ஆக்ரோஷத்தால் 2005-இல் உலக சுகாதார நிறுவனம் அதை டியூமர் வகையில் சேர்த்தது, 2017-இல் மறுபடி சிஸ்ட் என்றே வகைப்படுத்தியது. பெயர் எதுவானாலும், வெறுமனே சுரண்டி எடுத்தால் போதாது. குழியின் எலும்புச் சுவரைக் கொஞ்சம் அரைத்தோ, மருந்திட்டோ மிச்சத்தை அழித்து, பல ஆண்டுகள் எக்ஸ்ரேயில் கண்காணிக்க வேண்டும். ஒருவருக்கே பல இடங்களில் வந்தால் கார்லின் சிண்ட்ரோம் என்ற மரபணு நோயையும் தேட வேண்டும்.

டென்டிஜெரஸ் சிஸ்ட் இங்கே பொருந்தவில்லை. அது முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி, பல்லின் கழுத்தில் ஒட்டி நிற்கும். இவருக்கு எல்லாப் பல்லும் முளைத்திருந்தது. குழந்தைகளுக்கு அந்தக் கட்டி வந்தால் பையைத் திறந்துவிட்டாலே உள்ளிருக்கும் பல் பல நேரம் தானாக முளைத்து வந்துவிடும்.

ஊசியும் முதல் கட்ட சிகிச்சையும்

உதட்டுப் பக்கம் மரத்துப்போகச் செய்து, 18 கேஜ் ஊசியைக் குத்தி இழுத்தோம். வைக்கோல் நிறத்தில் தெளிந்த திரவம் வந்தது. சிரிஞ்சை விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பினால் உள்ளே நுண்ணிய துகள்கள் மின்னின. கொலஸ்ட்ரால் படிகங்கள் அவை. ரேடிகுலர் சிஸ்ட்டில் அடிக்கடி பார்ப்பது, ஆனால் அதற்கு மட்டுமே உரியது அல்ல. வெளிறிய பசை போல வந்திருந்தால் கெரட்டோசிஸ்ட் என்று சந்தேகித்திருப்போம். இரத்தம் பீறிட்டு வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும், இரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். கத்தி வைக்கும் முன் இந்த ஊசியைத் தவிர்க்கக் கூடாததற்குக் காரணம் அதுதான்.

“வலியே இல்லையே டாக்டர், அந்தப் பல்லைப் பிடுங்கிட்டா போதாதா?” என்று நோயாளி கேட்டார். நியாயமான கேள்விதான். பல்லைப் பிடுங்கினால் கிருமியின் மூலம் போகும், பை எலும்புக்குள்ளேயே நிற்கலாம். பல் இல்லாத இடத்தில் பின்னாளில் தெரியும் ரெசிடுவல் சிஸ்ட் பல நேரம் இப்படி விட்டுவைத்ததுதான். தவிர 12-இன் வேர் உறுதியாக இருந்தது, அதைக் காப்பாற்ற முடியும்.

அடுத்த கேள்வி எங்களுடையது. பையை உடனே முழுதாக எடுத்துவிடலாமா? எடுக்கலாம். ஆனால் 11, 13 இரண்டின் நுனிகளும் கட்டியின் சுவரை ஒட்டி நின்றன. பையைப் பிய்க்கும்போது அந்த நுனிகளுக்குப் போகும் இரத்தக்குழாய் அறுந்தால், உயிருள்ள இரண்டு பற்களை நாமே கொன்றவர்களாவோம். சிலர் அதற்கு முன்னெச்சரிக்கையாக அந்தப் பற்களுக்கும் ரூட் கெனால் செய்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கார்ல் பார்ட்ஷ் 1892-இலேயே சொன்ன வழி ஒன்று இருக்கிறது: பையில் ஒரு ஜன்னல் வெட்டி வாய்க்குத் திறந்துவிட்டால் உள் அழுத்தம் குறைந்து, எலும்பு சுற்றிலும் இருந்து வளர்ந்து குழி சுருங்கும். அதைக் குழாய் வைத்துச் செய்வது டீகம்ப்ரெஷன். சுருங்கிய பிறகு எஞ்சிய பையை எடுப்பது என்று முடிவு செய்தோம். இதற்கு விலை உண்டு: மாதக்கணக்கில் நோயாளி குழியைக் கழுவ வேண்டும், அடிக்கடி வந்து போக வேண்டும். கழுவ மாட்டார் என்று தோன்றினால் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

முதலில் 12-க்கு ரூட் கெனால். கால்வாயைத் திறந்ததுமே அதே வைக்கோல் நிறத் திரவம் கசிந்தது. ஈரத்தை உறிஞ்சும் பேப்பர் பாயின்ட் வைத்து வைத்து எடுத்தும் கால்வாய் காயவில்லை. அப்படி ஈரமாக இருக்கும்போது நிரப்பினால் நுனியில் அடைப்பு உறுதியாக நிற்காது. கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடினோம். கசிகிறதே என்று திறந்து விடவில்லை, திறந்துவிட்டால் வாய்க் கிருமிகள் எல்லாம் உள்ளே போகும்.

அடுத்து உதட்டுப் பக்கம் சுமார் 1 செ.மீ. ஜன்னல் வெட்டி, வெட்டிய சுவர்த்துண்டைப் பயாப்ஸிக்கு அனுப்பினோம். குழந்தைகளுக்குப் பால் புகட்டும் மெல்லிய குழாயில் ஒரு துண்டை வெட்டி, ஜன்னலில் நுழைத்து ஈறோடு தைத்தோம். தினமும் இரண்டு வேளை உப்புநீரைச் சிரிஞ்சில் ஏற்றி, வெளியே வரும் நீர் தெளியும் வரை கழுவ வேண்டும் என்று கண்ணாடி முன் உட்காரவைத்துக் காட்டிக்கொடுத்தோம். அழுத்தம் குறைந்து கசிவு நின்றதும் 12-இன் கால்வாயை நிரப்பினோம். மாதம் ஒருமுறை குழாயைச் சற்றே குட்டையாக்கினோம். குழி சுருங்கச் சுருங்க குழாய் வெளியே தள்ளப்படும், அது நல்ல அறிகுறி. குழாய் விழுந்து, கவனிக்காமல் சில நாள் விட்டால் ஜன்னல் மூடிக்கொள்ளும், கட்டி மறுபடி நிரம்பும். விழுந்தால் அன்றே வரச் சொல்லியிருந்தோம்.

ஆறாம் மாத சிபிசிடியில் அகலம் 14 மி.மீ. 11-இன் நுனிக்கும் கட்டிக்கும் நடுவே புதிய எலும்பு வந்திருந்தது, 13-இலும் அப்படியே. குளிர் சோதனையில் 11 இப்போது இடது பக்கப் பல் கூசும் அதே நேரத்தில் கூசியது.

பையை எடுத்தது

உள்ளூர் மயக்க மருந்திலேயே செய்தோம். ஈறு விளிம்பில் இருந்து திறந்து, பக்கவாட்டு வெட்டைக் கட்டியின் எல்லையைத் தாண்டி நல்ல எலும்பின் மேல் வைத்தோம். தையல் குழியின் மேலே விழுந்தால் அடியில் தாங்க எதுவும் இல்லாமல் பிரிந்துவிடும். பையைப் பிரிக்கும்போது கியூரெட் என்ற கரண்டி போன்ற கருவியின் குழிந்த பக்கம் எலும்பைப் பார்த்தும், முதுகு பையைப் பார்த்தும் இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் கூர்விளிம்பு பையைக் கிழிக்கும். மூன்று பக்கம் எளிதாகக் கழன்றது. அண்ணத்து ஓட்டையில் மட்டும் பை நேராக அண்ணத்துச் சவ்வோடு ஒட்டியிருந்தது. அண்ணத்தில் வெளியே இருந்து விரலை வைத்துத் தாங்கிக்கொண்டு, ஈரத் துணித் துண்டால் மெல்லத் தள்ளித் தள்ளித்தான் பிரிக்க முடிந்தது. பை முழுதாக வந்தது.

12-இன் நுனியில் 3 மி.மீ. வெட்டினோம். கிளைக் கால்வாய்களில் பெரும்பாலானவை அந்த 3 மி.மீ.க்குள்தான் இருக்கும். அல்ட்ராசோனிக் முனையால் கால்வாயைப் பின்பக்கமாக 3 மி.மீ. குடைந்து எம்டிஏ என்ற சிமென்டை நிரப்பினோம். குழியில் எலும்புத் தூள் எதுவும் வைக்கவில்லை. சுற்றிலும் எலும்புச் சுவர் இருக்கிற, இந்த அளவுக்குச் சுருங்கிய குழி இரத்தக்கட்டில் இருந்தே நிரம்பிக்கொள்ளும்.

பயாப்ஸி இரண்டு முறையும் ஒரே பதிலைத்தான் தந்தது: கெரட்டின் இல்லாத அடுக்குச் செல் உறை, வளைவு வளைவாகக் கீழே இறங்கும் அமைப்பு, சுவர் முழுக்க அழற்சிச் செல்கள், கொலஸ்ட்ரால் இருந்து கரைந்த பிளவுகள், உறைக்குள் சில ரஷ்டன் பொருள்கள் என்ற கண்ணாடி போன்ற துணுக்குகள். ரேடிகுலர் சிஸ்ட் உறுதியானது. முதல் துண்டே பதில் சொல்லிவிட்டதே, முழுப் பையையும் ஏன் மறுபடி அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம். கெரட்டோசிஸ்ட்டில் அழற்சி ஏறினால் அதன் தனி அடையாளமான உறை அந்த இடத்தில் மாறிவிடும். சின்னத் துண்டு அந்த இடத்தில் இருந்து வந்திருந்தால் அறிக்கையே திசை திருப்பும். முழுப் பையில் அது மறையாது.

ஓராண்டு கழித்து எடுத்த படத்தில் குழி சுவர்களில் இருந்து உள்நோக்கி நிரம்பியிருந்தது. 11, 13 இரண்டும் உயிரோடு உள்ளன. அண்ணத்துப் பக்கம் மட்டும் 3 மி.மீ. அளவில் ஒரு கருப்புப் புள்ளி நிற்கிறது. உதட்டுப் பக்கம் நாம் வெட்டியதும் அண்ணத்துப் பக்கம் கட்டி தின்றதுமாக இரண்டு பக்க எலும்பும் போன இடத்தில், எலும்புக்குப் பதில் நார்த்திசு வந்து நிற்பது உண்டு. இதைக் கட்டி திரும்பியதாக நினைத்து மறுபடி கத்தி வைக்கக் கூடாது. பிரித்தறிய, வேர்நுனியைப் பார்க்க வேண்டும்: வெட்டிய நுனியைச் சுற்றி லாமினா டியூராவும் பல்லைத் தாங்கும் மெல்லிய இடைவெளியும் மறுபடி உருவாகியிருந்து, கருப்பு அதிலிருந்து தள்ளி, ஒழுங்கற்ற விளிம்போடு, அளவு மாறாமல் நின்றால் அது தழும்பு. வேர்நுனியோடு சேர்ந்து, வட்டமாக, அடுத்த படத்தில் பெரிதானால்தான் நோய். இவருக்கு நுனி மூடியிருக்கிறது. அடுத்த படம் இன்னும் ஓராண்டு கழித்து, குழலை இதே கோணத்தில் வைத்து.